'அனுப்பப்படும்' என்றால் யார் அனுப்புவார்?
செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்கும் பாடம்



கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைக் கடந்து கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில் திரிங்காப் என்னும் சிற்றூர் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வட்டாரத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் விளக்கக் கூட்டம் நடத்தச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்ததும் கொழுந்து பறிக்கும் அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய வலக் கை மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது.

"ஐயா, இந்தக் கைக்குக் காசு எப்பங்க வரும்?" என்று கேட்டார்.

மூன்று வாரங்களுக்கு முன், மழை பெய்த காலையில், கூடையுடன் சரிவில் இறங்கும்போது கால் வழுக்கி விழுந்தாராம். மண்டோரிடம் சொன்னார். தானா ராத்தா மருத்துவமனையில் கட்டுப் போட்டு, மருத்துவ விடுப்புச் சான்றிதழும் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழை அவர் பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். பெர்கெசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பணத்திற்காகக் காத்திருந்தார்.

மண்டோரைக் கேட்டேன். "அன்னைக்கே சொல்லியாச்சுங்க" என்றார். கிராணியைக் கேட்டேன். மருத்துவமனையே பெர்கெசோவுக்கு எழுதிவிடும் என்று தாம் நினைத்ததாகச் சொன்னார். அம்மையாரோ, அலுவலகம் எழுதியிருக்கும் என்று நம்பியிருந்தார். உண்மையில் யாரும் எழுதவில்லை.

பெரட்டுக் களத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில், 'விபத்து குறித்த அறிக்கை 48 மணி நேரத்திற்குள் அனுப்பப்பட வேண்டும்' என்று அச்சிட்டிருந்தார்கள். மண்டோர், கிராணி, அம்மையார் ஆகிய மூவரும் அதைப் படித்திருந்தார்கள். மூவரும் அதைத் தமக்குரிய வேலையாகக் கருதவில்லை. அந்த வாசகத்தை மலாயிலிருந்து தமிழுக்கு எழுதியவன் நானே. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாத வாசகம் அது. ஆனால் அதில் ஆளைக் காணோம்.

கிராணி அன்றே அறிக்கையை எழுதினார். எனினும் அம்மையாருக்கு வரவேண்டிய பணம் பல வாரங்கள் தாமதமாகவே வந்தது. அந்தப் பிழையிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடத்தை இக்கட்டுரையில் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஆள் எங்கே போனார்?

பள்ளியில் படித்ததைச் சற்று நினைவுகூர்வோம். 'கிராணி கடிதத்தை அனுப்பினார்' என்பது செய்வினை. இங்கே கிராணி எழுவாய், கடிதம் செயப்படுபொருள், அனுப்பினார் என்பது பயனிலை. இதையே 'கிராணியால் கடிதம் அனுப்பப்பட்டது' என்று சொன்னால் அது செயப்பாட்டு வினை. செயப்படுபொருளாக இருந்த கடிதம் எழுவாயின் இடத்தில் அமர்ந்துகொள்கிறது. எழுவாயாக இருந்த கிராணி 'ஆல்' என்னும் மூன்றாம் வேற்றுமை உருபை ஏற்றுப் பின்னுக்குப் போகிறார். வினையுடன் 'படு' என்னும் துணைவினை சேர்கிறது.

இதுவரை தீங்கொன்றும் இல்லை. 'கிராணியால்' என்ற சொல் இருக்கும்வரை யார் அனுப்பினார் என்பது தெரிகிறது. ஆனால் செய்வினையில் எழுவாயை நீக்கினாலும் வினைமுற்றின் விகுதி ஆளை ஓரளவு காட்டிக்கொடுக்கும். 'அனுப்பினேன்' என்றால் நான், 'அனுப்பினாய்' என்றால் நீ, 'அனுப்பினார்கள்' என்றால் அவர்கள். செயப்பாட்டு வினைக்கு அந்தக் குணம் இல்லை. 'அனுப்பப்பட்டது' என்பதன் விகுதி கடிதத்தைக் காட்டுகிறதேயன்றி அனுப்பியவரைக் காட்டுவதில்லை. ஆகவே 'கிராணியால்' என்பதை நீக்கிவிட்டால், ஆள் முழுவதுமாக மறைந்துபோகிறார். அப்படி மறைந்த பின்னும் வாக்கியம் நிறைவாகவே தோன்றும். எழுதியவருக்கும் குறை தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது.

நம் நாட்டு அறிவிப்புகளில் இது பெருகியிருப்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. நம்மிடம் வரும் சுற்றறிக்கைகள் பெரும்பாலும் மலாய் மொழியில் இருக்கின்றன. மலாயில் வினைச்சொல்லின் முன்னே 'டி' என்பதைச் சேர்த்தால் செயப்பாட்டுப் பொருள் வந்துவிடும். 'ஹந்தார்' என்றால் அனுப்பு. 'டிஹந்தார்' என்றால் அனுப்பப்படு. செய்பவரைச் சொல்ல வேண்டுமானால் 'ஓலே' என்ற சொல்லுடன் சொல்வார்கள். 'ஓலே மாஜிக்கான்' என்றால் முதலாளியால் என்பது பொருள். சுற்றறிக்கையைச் சுருக்கும்போது முதலில் உதிர்வது இந்த 'ஓலே மாஜிக்கான்' தான். எஞ்சியிருப்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், 'அனுப்பப்பட வேண்டும்' என்பது தானாகவே வந்து நிற்கும். நான் செய்ததும் அதுவே.

இத்தனைக்கும் மூல விதியில் ஆள் தெளிவாகவே இருக்கிறார். 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளின்படி, விபத்துச் செய்தி தமக்குக் கிடைத்த 48 மணி நேரத்திற்குள் பெர்கெசோவுக்கு அறிவிக்க வேண்டியவர் முதலாளி. சட்டம் பெயரிட்டுச் சொன்ன ஒருவரை, சட்டத்தை விளக்க வந்த அறிவிப்பு மறைத்துவிட்டது.

படு வந்ததெல்லாம் செயப்பாட்டு வினையன்று

மாற்றும் முறைக்குப் போகுமுன் ஓர் எச்சரிக்கை. 'படு' என்று முடியும் எல்லாச் சொற்களையும் விரட்டத் தொடங்கிவிடக் கூடாது. 'லாரி காலை ஆறு மணிக்குப் புறப்படும்' என்பது செய்வினையே. 'அவர் கவலைப்பட்டார்', 'குழந்தை பயப்பட்டது', 'எனக்கு அடிபட்டது' என்பனவும் செயப்பாட்டு வினைகள் அல்ல.

கண்டுபிடிப்பதற்கு எளிய சோதனை உண்டு. சொல்லிலிருந்து 'படு' என்னும் பகுதியை எடுத்துவிட்டு எஞ்சியதைப் பாருங்கள். 'அனுப்ப', 'கொடுக்க', 'எழுத', 'வைக்க' என்பதுபோல 'அ' என்று முடியும் வினையெச்சம் எஞ்சினால் அது செயப்பாட்டு வினை. 'கவலை', 'பயம்', 'அடி' என்பதுபோலப் பெயர்ச்சொல் எஞ்சினால் அது செயப்பாட்டு வினையன்று. அதைத் தொட வேண்டியதில்லை.

மறுபுறம், 'படு' இல்லாமலே ஆளை மறைக்கும் வடிவங்களும் உள்ளன. 'வழங்கப்பெறும்' என்பதில் 'பெறு' அதே வேலையைச் செய்கிறது. 'சமர்ப்பித்தல் வேண்டும்', 'தெரிவிக்கவும்' என்பவற்றிலும் யார் என்பது இல்லை. பேச்சு வழக்கில் 'சொல்லியாச்சு', 'கொடுத்தாச்சு' என்கிறோமே, அதுவும் இவ்வினத்தைச் சேர்ந்ததுதான். மண்டோர் 'சொல்லியாச்சுங்க' என்றபோது, யாரிடம், எப்போது, யார் சொன்னது என்று நான் கேட்டேன். அவர் சொன்னது அலுவலகத்தின் வாசலில் நின்றிருந்த வேறொருவரிடம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே வடிவத்தைவிட ஒரு கேள்வியே முக்கியம். வாக்கியத்தைப் படித்து முடித்ததும் 'யார்?' என்று கேளுங்கள். வாக்கியத்திற்குள்ளேயே விடை இருந்தால் நல்லது. இல்லையென்றால், அது எந்த வடிவத்தில் இருந்தாலும் திருத்த வேண்டிய வாக்கியமாகும்.

மாற்றும் முறை

இலக்கண மாற்றம் மூன்று அசைவுகளில் முடிந்துவிடும். செய்பவரை எழுவாயாக முன்னே வைக்க வேண்டும். இதுவரை எழுவாயாக நின்ற பொருளுக்கு 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபைக் கொடுக்க வேண்டும். வினையிலிருந்து 'படு' என்பதை நீக்கி, புதிய எழுவாய்க்கு ஏற்ற விகுதியைச் சேர்க்க வேண்டும். 'படிவம் கொடுக்கப்படும்' என்பது 'கிராணி படிவத்தைக் கொடுப்பார்' என்றாகும். படிவம் என்பது படிவத்தை என மாறியதையும், கொடுக்கப்படும் என்பது கொடுப்பார் என மாறியதையும் கவனியுங்கள். எழுவாய் அஃறிணையாக இருந்தால், 'தோட்ட அலுவலகம் படிவத்தைக் கொடுக்கும்' என்று முடியும்.

இதை ஆறாம் வகுப்பு மாணவனும் செய்துவிடுவான். கடினமான பகுதி இதற்கு முன்னால் இருக்கிறது. செய்பவரின் பெயரை வாக்கியத்தில் தேடினால் கிடைக்காது. ஏனெனில் அது அங்கே இல்லை. மூலச் சுற்றறிக்கையில் பார்க்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் அதை அனுப்பிய அலுவலகத்தைக் கேட்க வேண்டும். ஆகவே செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்குவது பாதி இலக்கண வேலை; மறுபாதி விசாரிக்கும் வேலை. விசாரிக்காமல் எழுதுபவருக்குச் செயப்பாட்டு வினை நல்ல ஒளிவிடமாக அமைந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் அமைந்தது.

ஓர் அறிவிப்பைத் திருத்துவோம்

இப்பொழுது முழு அறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வரிவரியாகத் திருத்திப் பார்ப்போம். என் பழைய அறிவிப்பு ஏறத்தாழ இவ்வாறு இருந்தது.

1. வேலை நேரத்தில் விபத்து நேர்ந்தால் உடனடியாகத் தெரிவிக்கப்பட வேண்டும்.
2. காயமடைந்தவர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுவார்.
3. விபத்து குறித்த அறிக்கை 48 மணி நேரத்திற்குள் அனுப்பப்பட வேண்டும்.
4. மருத்துவ விடுப்புச் சான்றிதழ் சமர்ப்பிக்கப்பட வேண்டும்.
5. தகுதி பெற்றோருக்கு உதவித் தொகை வழங்கப்படும்.
6. இவ்விதிகள் மீறப்பட்டால் நடவடிக்கை எடுக்கப்படும்.

ஆறு வரிகள், ஆறு செயல்கள். ஆனால் செய்பவர் ஒருவரேனும் இல்லை. யார் யார் என்று கேட்டபோது ஒவ்வொரு வரியிலும் வெவ்வேறு ஆள் வெளிப்பட்டார்.

முதல் வரியில் தெரிவிக்க வேண்டியவர் அடிபட்ட தொழிலாளி. யாரிடம் தெரிவிக்க வேண்டும்? மண்டோரிடம். மண்டோர் அருகில் இல்லையென்றால்? இக்கேள்வி எனக்கு முன்னர் தோன்றவே இல்லை. ஆளைப் பெயரிடத் தொடங்கிய பிறகே தோன்றியது. ஆகவே திருத்திய வரி இவ்வாறு அமைந்தது: 'வேலை செய்யும்போது உங்களுக்கு அடிபட்டால் உடனே உங்கள் மண்டோரிடம் சொல்லுங்கள். மண்டோர் அருகில் இல்லையென்றால், உடன் வேலை செய்பவர் ஒருவர் அலுவலகத்திற்குச் சென்று கிராணியிடம் சொல்ல வேண்டும். மண்டோர், செய்தி கிடைத்த அன்றே கிராணியிடம் நேரில் சொல்ல வேண்டும்.' ஒரு வரி மூன்றாகிவிட்டது. ஆனால் மறைந்திருந்த மூன்று பேர் வெளியே வந்துவிட்டார்கள்.

இரண்டாம் வரியில் அழைத்துச் செல்பவர் தோட்டத்து வாகன ஓட்டுநர். 'கிராணி வாகனத்தை அனுப்புவார். ஓட்டுநர் உங்களைத் தானா ராத்தா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார்' என்று எழுதினோம். இதைக் கேட்ட நிர்வாகி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுநர் பணியில் இருப்பதில்லையே என்றார். 'அழைத்துச் செல்லப்படுவார்' என்று எழுதியிருந்த காலமெல்லாம் யாரும் எண்ணிப்பாராத செய்தி அது. ஞாயிற்றுக்கிழமைக்கு யார் என்பதை அங்கேயே முடிவுசெய்து அதையும் எழுதினார்கள்.

மூன்றாம் வரியே நம் அம்மையாரின் துன்பத்திற்குக் காரணமானது. சட்டப்படி செய்ய வேண்டியவர் முதலாளி. தோட்டத்தில் முதலாளிக்காகக் கையொப்பமிடுபவர் நிர்வாகி. படிவத்தை எழுதி அனுப்புபவர் கிராணி. 'தோட்ட நிர்வாகம் விபத்துச் செய்தி கிடைத்த 48 மணி நேரத்திற்குள் பெர்கெசோவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கிராணி படிவத்தை எழுதுவார், நிர்வாகி கையொப்பமிடுவார். அனுப்பிய நாளைக் கிராணி உங்களிடம் சொல்வார்.' கடைசி வாக்கியத்தை ஏன் சேர்த்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். தொழிலாளி சரிபார்த்துக்கொள்வதற்கு ஒரு வழி வேண்டும். இரண்டு நாள் கழித்தும் கிராணி ஒன்றும் சொல்லவில்லையென்றால், போய்க் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

நான்காம் வரி, பார்ப்பதற்கு எளியது. ஆனால் 'சமர்ப்பிக்கப்பட வேண்டும்' என்பதைப் படித்த அம்மையார், சான்றிதழை மருத்துவமனையே சமர்ப்பிக்கும் என்று எண்ணி, தம்மிடம் கொடுத்ததைத் தமக்குரிய பிரதியென்று டின்னுக்குள் வைத்துவிட்டார். 'மருத்துவமனையில் கொடுக்கும் விடுப்புச் சான்றிதழை நீங்களே கொண்டுவந்து கிராணியிடம் கொடுங்கள். கிராணி நகல் எடுத்து உங்களிடம் தருவார். அதை வைத்துக்கொள்ளுங்கள்' என்று திருத்தினோம். 'சமர்ப்பித்தல்' என்னும் சொல்லும் போய்விட்டது. 'நீங்களே' என்று ஆளைச் சொன்னதும், அவர் வாயில் வழங்கும் வினைச்சொல்லும் தானாகவே வந்துவிடுகிறது.

ஐந்தாம் வரியில் கொடுப்பவர் பெர்கெசோ. ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 'பெர்கெசோ உங்களுக்குப் பணம் கொடுக்கும்' என்று எழுதிவிட்டால், பிறர் சார்பில் நாம் வாக்குறுதி கொடுத்தவர்களாகிவிடுவோம். 'தகுதி பெற்றோர்' என்பதில் தகுதியை முடிவுசெய்பவரும் மறைந்திருக்கிறார். 'விபத்து நேர்ந்த நாளையும் சேர்த்து, மருத்துவர் உங்களுக்குக் குறைந்தது 4 நாள் விடுப்புக் கொடுத்திருந்தால், நீங்கள் தற்காலிக இயலாமைத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பெர்கெசோ உங்கள் விண்ணப்பத்தை ஆராயும். ஏற்றுக்கொண்டால், உங்கள் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காட்டைக் கணக்கிட்டுக் கொடுக்கும்.' ஆளும் தெளிவாகிறார், நிபந்தனையும் தெளிவாகிறது.

ஆறாம் வரிக்கு ஆளைத் தேடினோம். எந்த விதி, யார் மீறினால், யார், என்ன நடவடிக்கை எடுப்பார் என்று கேட்டோம். யாரிடமும் விடை இல்லை. அச்சுறுத்துவதற்காகப் பழக்கத்தில் சேர்த்த வரி அது. எனவே எடுத்துவிட்டோம். ஆள் கிடைக்காத வாக்கியங்கள் சில, உண்மையில் தேவையற்ற வாக்கியங்களாக இருப்பதுண்டு.

நாமா, நாங்களா?

அறிவிப்பை வெளியிடுபவரே செயலையும் செய்பவராக இருந்தால், தமிழில் இன்னும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. குடியிருப்போர் சங்கம் ஒன்று இவ்வாறு எழுதுகிறது எனக் கொள்வோம்: 'வரும் ஞாயிற்றுக்கிழமை லயத்துச் சுற்றுப்புறம் சுத்தம் செய்யப்படும்.' செயலாளரே முன்வந்து இதைச் செய்வினையாக்கும்போது 'நாம் சுத்தம் செய்வோம்' என்று எழுதலாம். 'நாங்கள் சுத்தம் செய்வோம்' என்றும் எழுதலாம். இரண்டும் ஒன்றல்ல. 'நாம்' என்பது படிப்பவரையும் உளப்படுத்தும். அவர் விளக்குமாறுடன் வர வேண்டும். 'நாங்கள்' என்பது சங்கத்தாரை மட்டும் குறிக்கும். அவர் வீட்டிலிருக்கலாம். மலாயில் 'கித்தா', 'காமி' என்று உள்ள வேறுபாடும் இதுவே. 'சுத்தம் செய்யப்படும்' என்ற வாசகத்தை ஒட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் மட்டுமே வந்தார்கள் என்று வருந்தும் செயலாளர்கள், குறை மக்களிடமா, வாசகத்திலா என்பதை ஒருமுறை பார்க்கலாம்.

படிப்பவரே செய்ய வேண்டியவராக இருந்தால் 'பெற்றோர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று சுற்றிவளைக்க வேண்டியதில்லை. 'பெற்றோர்களே, பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவாருங்கள்' என்றால் போதும். இவ்வாறு நேராகச் சொல்வது மரியாதைக் குறைவு என்று சிலர் அஞ்சுகின்றனர். தமிழில் 'உங்கள்' என்னும் சொல்லிலும் 'கொண்டுவாருங்கள்' என்னும் விகுதியிலும் மரியாதை இருக்கிறது. அதற்காக ஆளை மறைக்க வேண்டிய தேவை இல்லை.

மாற்றக் கூடாத இடங்கள்

செயப்பாட்டு வினை தமிழுக்கு அந்நியமானது என்று எண்ணிவிட வேண்டாம். செயப்படுபொருளையே செய்ததுபோலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியரும் குறிப்பிடுகிறார். திண்ணையை ஒருவர் மெழுகியிருக்க, திண்ணையே மெழுகியதாகச் சொல்லும் தொடரை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவார்கள். திண்ணை மெழுகியிருக்கிறதா என்பதே செய்தியாக இருக்கும்போது, மெழுகியவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

அதுபோலவே, செய்தவர் தெரியாதபோதும் செயப்பாட்டு வினை பொருந்தும். 'நேற்றிரவு தண்ணீர்க் குழாய் உடைக்கப்பட்டது' என்று எழுதலாம். செய்வினையாக்கியே தீர வேண்டும் என்று, சந்தேகத்தின்பேரில் ஒருவர் பெயரை எழுவாயாக்கினால் அது வீண்பழியாகிவிடும். காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரிலும் கண்ணால் கண்டதை மட்டுமே எழுவாயுடன் எழுத வேண்டும்.

இன்னொரு தவறு, எல்லா வாக்கியங்களுக்கும் 'நிர்வாகம்' என்றோ 'அரசாங்கம்' என்றோ ஒரே எழுவாயைப் பொருத்திவிடுவது. இலக்கணப்படி அது செய்வினைதான். ஆனால் தொழிலாளி எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது அப்போதும் தெரியாது. சோதித்தறிய ஒரு வழி சொல்கிறேன். எழுவாயாக வைத்த சொல்லைக் காட்டி, 'நாளைக் காலை எட்டு மணிக்கு இவரை எங்கே பார்க்கலாம்?' என்று கேளுங்கள். விடை சொல்ல முடிந்தால் அது உண்மையான எழுவாய்.

பயிற்சி

பின்வரும் வாக்கியங்களைத் திருத்துங்கள். திருத்த வேண்டாதது ஒன்றும் இவற்றுள் உண்டு. விடைகளைப் பார்க்குமுன் தாளில் எழுதிப் பாருங்கள்.

அ. சம்பளம் 7ஆம் தேதிக்குள் வழங்கப்படும்.
ஆ. பள்ளிப் பேருந்து காலை 6.30 மணிக்குப் புறப்படும்.
இ. மருந்து தெளிக்கப்படும் பகுதிக்குள் நுழைய அனுமதிக்கப்பட மாட்டாது.
ஈ. கோயில் திருவிழாக் கணக்கு விரைவில் வெளியிடப்படும்.

விடைகள்

அ. 'தோட்ட நிர்வாகம் இம்மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.' 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் முதலாளி சம்பளம் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே இங்கு ஆளை ஊகிக்க வேண்டியதில்லை. 'எந்த மாதம்?' என்பதும் மூல வாக்கியத்தில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

ஆ. திருத்த வேண்டாம். 'புறப்படு' செயப்பாட்டு வினையன்று. பேருந்தே எழுவாய்.

இ. 'மண்டோர் சிவப்புக் கொடி நட்ட பகுதியில் மருந்து தெளிப்பார்கள். கொடியை மண்டோர் எடுக்கும்வரை நீங்களோ உங்கள் பிள்ளைகளோ அங்கே நுழையாதீர்கள்.' கொடி என்பது ஓர் எடுத்துக்காட்டே. உங்கள் தோட்டத்தில் யார், எந்த அடையாளத்தை வைக்கிறார் என்பதைக் கேட்டு எழுதுங்கள். அடையாளம் வைப்பவர் யாரும் இல்லையென்று தெரியவந்தால், வாசகத்தைத் திருத்துமுன் அந்தக் குறையைத் திருத்துங்கள்.

ஈ. 'திருவிழாக் கணக்கைப் பொருளாளர் தைப்பூசத்திற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் படிப்பார்.' ஆளைச் சொன்னவுடன் 'விரைவில்' என்ற சொல் நிற்க முடியாமல் போய், நாள் ஒன்று வந்து நிற்பதைக் காண்கிறீர்கள். பொருளாளரைக் கேட்காமல் இவ்வாக்கியத்தை எழுத முடியாது. எழுதுமுன் கேளுங்கள்.

திருத்திய அறிவிப்பு அத்தோட்டத்துப் பலகைக்குப் போனபோது, பழைய தாளைவிட இருமடங்கு நீளமாக இருந்தது. நீளத்தைப் பற்றிக் கிராணி குறைபட்டுக்கொண்டார். கையில் மாவுக்கட்டுப் பிரித்திருந்த அம்மையார் தம் பேத்தியை அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாம் வரி முடிந்ததும் கிராணியைத் திரும்பிப் பார்த்து, "அப்ப எழுத வேண்டியது நீங்கதானா தம்பி?" என்றார்.

"ஆமாம்மா, நான்தான்" என்றார் கிராணி.